மஞ்சளில் எழுதிய வரி

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில், செருப்புக் கடைக்கும் பருத்தி விதைக் கடைக்கும் நடுவே ஓராள் அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. பெயர் பானு டிஜிட்டல். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், பள்ளிக்கூடத்து பிராஜெக்ட், யாராவது கூட்டம் போட்டால் திரையில் காட்டுகிற ஸ்லைடு, எல்லாம் அங்கே ஆகும். கடைக்காரி ஆபிதா பானுவுக்கு வயது நாற்பத்தொன்று. கடையநல்லூரிலிருந்து காலை எட்டரை பஸ்ஸில் வந்து, சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பிப் போவாள். கணவர் சுலைமான் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காகப் பதினாறு வருஷம். பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள். கேட்டால், வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அதனால்தான் கடை என்பாள்.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அவள் வாப்பா கைலி வியாபாரி. கட்டம் போட்ட துணி நூறு விரித்தால் எது முதலில் விற்கும் என்று பத்து வயதிலேயே சொல்லிவிடுவாளாம். எனக்கா கலர் பார்க்கச் சொல்லித் தருகிறீர்கள் என்கிற நினைப்பு அன்று முதல் அவள் கண்ணிலேயே உட்கார்ந்திருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவள் செய்த பத்திரிகைகள் எல்லாம் அழகுதான். அழகாக இருந்ததுதான் வினையாகவும் போயிற்று.

பிடிமண் அறக்கட்டளையின் தலைவர் இசக்கித்துரை அண்ணாச்சி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். அவரும் அவர் கூட்டாளி இப்ராஹீமும் சேர்ந்து ஆரம்பித்த அறக்கட்டளை அது. கிணற்றிலோ தண்டவாளத்திலோ ரோட்டோரத்திலோ பேரில்லாமல் கிடைக்கிற உடல்களை, போலீஸ் வேலையெல்லாம் முடிந்தபின் வாங்கி மரியாதையாக அடக்கம் செய்வார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம். காணாமல் போனவர்களின் சொந்தக்காரர்கள் வந்து உட்காருவார்கள். திரையில் ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி வரும். முகம் காட்டுகிற நிலையில் இருக்காது என்பதால் படம் கிடையாது. மைக்கில் வாசிப்பதும் கிடையாது. செத்தவரின் அங்க அடையாளத்தை ஊர் கேட்கச் சத்தமாகச் சொல்லக்கூடாது என்பது இப்ராஹீம் வைத்துவிட்டுப் போன சட்டம். ஒரு ஸ்லைடு ஒரு நிமிஷம் நிற்கும், ஹால் முழுக்க மௌனமாகப் படிக்கும்.

போன வருஷமும் ஆபிதாதான் அந்த ஸ்லைடுகளைச் செய்தாள். பதினேழு பேரைக் காட்டினார்கள், ஒருவரைக்கூடச் சொந்தக்காரர்கள் அடையாளம் காணவில்லை. இந்த வருஷம் இன்னும் எட்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இந்தத் தடவையும் யாரும் அடையாளம் காணவில்லையென்றால் கூட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று டிரஸ்டில் பேச்சு அடிபடுவதாக அண்ணாச்சி வருத்தப்பட்டார். பேரில்லாமல் புதைத்தவன் பேரில்லாமலே போவான், அவ்வளவுதான் என்றார்.

பழைய ஃபைலிலேயே புதுசுகளைச் சேர்க்க வேண்டும், கலரை மட்டும் அறக்கட்டளையின் லோகோவோடு அச்சு அசலாகப் பொருத்த வேண்டும். இதுதான் வேலை. லோகோ என்றால் அரக்குச் சிவப்பு வட்டம், அதற்குள் மண்ணை ஏந்திய ஒரு மஞ்சள் கை. இப்ராஹீம் சாகும் முன் வரைந்தது. அதை மாற்றக்கூடாது, கறுப்பு எங்கேயும் வரக்கூடாது என்று அண்ணாச்சி இரண்டு நிபந்தனை போட்டார்.

"கறுப்புல போட்டா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி ஆயிரும் பானும்மா. வர்றவங்க நம்பிக்கையோட வாராங்க. வாசல்லயே சாவைக் காட்டப்படாது. மஞ்சளை மட்டும் விட்டுறாத, அது இப்ராஹீம் கை."

போன வருஷமும் இதையேதான் சொல்லியிருந்தார். அதனால்தான் அவள் தலைப்பை அரக்கிலும், ஆணா பெண்ணா, வயது, கிடைத்த இடம் இவற்றைச் சாம்பலிலும் போட்டுவிட்டு, எல்லாவற்றிலும் முக்கியமான அடையாள வரியைப் பளிச்சென்று லோகோ மஞ்சளில் போட்டிருந்தாள். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. அவள் மானிட்டரில் அது தங்கம் போல மின்னியது.

மறுநாள் புதன்கிழமை வள்ளித்தாய் கடைக்கு வந்தாள். குருவிகுளம் பக்கத்துக்காரி, ஐம்பது வயது இருக்கும். மாதம் ஒருமுறை வந்து ஒரு நோட்டீஸை ஐம்பது ஜெராக்ஸ் எடுத்துப்போவாள். அவள் தம்பி உச்சிமாகாளி, டிராக்டர் ஓட்டுகிறவன், ஒரு சின்னச் சண்டையில் கோபித்துக்கொண்டு பஸ் ஏறியவன் திரும்பவில்லை. இரண்டு வருஷமாகிறது. நோட்டீஸில் முகம் மட்டும் இருக்கும், பேரும் போன் நம்பரும் இருக்கும். ஆபிதா ஆறுதலுக்கு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொன்னாள். வள்ளித்தாய் சிரித்துக்கொண்டே, போன வருஷமே முன்வரிசையில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

"அதுல எந்தம்பி அடையாளம் ஒண்ணுமே இல்ல தங்கச்சி. இல்லன்னா உசுரோட இருக்கான்னுதான அர்த்தம்? அந்தத் தைரியத்துலதான் ஒரு வருசத்தை ஓட்டிட்டேன். இந்த வருசமும் வந்து பாத்து, இல்லன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போயிருதேன்."

தினமும் ராத்திரி அவனுக்கு ஒரு தட்டு சோறு மூடி வைப்பதாகவும் சொன்னாள். அந்த மாதம் ஆபிதா ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை.

அன்று மத்தியானம் லோகோவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் கை மாறி வந்த படம் அது. கலர் எடுக்கிற சொட்டுக்குழாய்க் குறியை மஞ்சள் மேல் வைத்தால், ஒரு புள்ளியில் ஒரு மஞ்சள், பக்கத்துப் புள்ளியில் வேறு மஞ்சள். சுருங்கிச் சுருங்கி வந்த படத்துக்கு அதுதான் கதி. ஓரங்களில் அரக்கும் மஞ்சளும் கலந்து சேறாக இருந்தது. அசல் ஃபைல் இருக்கிறதா என்று அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். இப்ராஹீமின் கம்ப்யூட்டரோடு அதுவும் போயிற்று என்றார். சரி என்று கையைத் திரை நிறையப் பெரிதாக்கி, உள்ளங்கை நடுவில் இருபது இடத்தில் தொட்டுப் பார்த்து, அதிகம் வந்த மஞ்சளைக் குறித்துக்கொண்டாள். வட்டத்தின் அரக்கையும் அதேபோல எடுத்தாள். கண் இமைக்காமல் முக்கால் மணி நேரம் அந்தக் கையையே பார்த்திருப்பாள்.

நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தாள். வெள்ளைச் சுவரில் நீலமாக ஒரு கை இருந்தது.

பயப்படவில்லை. மஞ்சளை உற்றுப் பார்த்தால் வெள்ளையில் நீலம் தெரியும், கண் சலித்துப்போவதால் வருகிற வேலை அது என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் கைலிக் கடையிலேயே பார்த்திருக்கிறாள். கண்ணைக் கசக்கினாள். கை மெல்ல மங்கியது. மங்குவதற்குள் ஏனோ விரல்களை எண்ணினாள். நாலுதான் இருந்தன.

திரையில் எண்ணினாள், ஐந்து. மறுபடியும் உற்றுப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல். சுண்டுவிரலுக்கு முந்தின இடத்தில் ஒரு மொட்டை.

வியாழக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினாள். கம்ப்யூட்டரை இன்னும் போடவே இல்லை. பஸ்ஸில் வரும்போது வெளியே சோளக்காட்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. சுவரில் கை இருந்தது. அதே நீலம், அதே நாலரை விரல். அவள் பிஸ்மில்லா சொல்லி லைட்டைப் போட்டாள். வெறும் சுவர். பக்கத்து விதைக் கடைக்காரரை அண்ணே என்று கூப்பிட வாயெடுத்தவள், என்னவென்று சொல்லுவது என்று அடக்கிக்கொண்டாள். அன்று முழுதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டியபடி வேலை செய்தாள். முதுகு என்னமோ குளிர்ந்துகொண்டேதான் இருந்தது.

சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு இசக்கித்துரை அண்ணாச்சி அவளைக் கூட்டம் நடக்கிற ஹாலுக்கு வரச் சொன்னார். போன வருஷம் திரை மங்கலாக இருந்ததாக யாரோ குறைப்பட்டார்களாம். பெரிய ஜன்னல்கள், திரைச்சீலை கிடையாது, பழைய புரொஜெக்டர். வெயில் உள்ளே கொட்டியது. லேப்டாப்பில் முதலில் போன வருஷத்துப் பழைய ஃபைலைத் திறந்து ஓடவிட்டாள்.

தலைப்பு தெரிந்தது. வயதும் இடமும் சுமாராகத் தெரிந்தன. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

அடுத்த ஸ்லைடு. கீழே வெள்ளை. அடுத்தது, அதற்கடுத்தது. பதினேழு ஸ்லைடிலும் அடையாள வரி இருக்க வேண்டிய இடத்தில் சுத்தமான வெள்ளை. குனிந்து லேப்டாப்பைப் பார்த்தாள், வரி இருந்தது. நிமிர்ந்தாள், இல்லை. ஆபிதா நடந்து போய்த் திரையில் மூக்கு இடிக்க நின்று பார்த்தாள். ஒரு சாயல் மாதிரி எழுத்துகள் அங்கே இருக்கத்தான் செய்தன. இரண்டடி பின்னால் வந்ததும் வெளிச்சம் அவற்றை விழுங்கிவிட்டது.

"அண்ணாச்சி, போன வருசம் நீங்க எங்கன நின்னீங்க?"

லேப்டாப் பக்கத்தில்தான், ஸ்லைடை மாற்றிக்கொண்டு என்றார். அவர் பார்த்தது சின்னத் திரையை. ஹாலில் இருந்தவர்கள் பார்த்தது வெறும் வெள்ளையை. இவர்களுக்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்கில் வாசிக்கிற வழக்கமும் இல்லை. கூட்டத்துக்கு அவளும் வரவில்லை. பத்திரிகை வேலை இருந்ததாம். அடி பாவி, ஒரு நடை வந்து எட்டிப் பார்த்திருக்கக்கூடாதா?

அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தன் கண்ணை நம்பாமல் கணக்கை நம்பினாள். இரண்டு கலர்களைக் கொடுத்தால் ஒன்றுக்கொன்று எவ்வளவு வெளிச்ச வித்தியாசம் என்று சொல்லுகிற பக்கம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. ஒன்று என்றால் வித்தியாசமே இல்லை, இருபத்தொன்று என்றால் வெள்ளையில் கறுப்பு. சின்ன எழுத்துக்கு நாலரையாவது வேண்டும், பெரிய எழுத்துக்குக் குறைந்தது மூன்று வேண்டும். வெள்ளையில் இப்ராஹீமின் மஞ்சளைப் போட்டாள். ஒன்று புள்ளி எட்டு என்று வந்தது. வெள்ளையில் அரக்கு, பத்துக்கு மேல். அரக்கில் மஞ்சள், ஐந்தரைக்கு மேல். லோகோ தூரத்திலிருந்தும் தெரிவது அதனால்தான். மஞ்சளில் குற்றமில்லை. அவள் அதைக் கொண்டுபோய் வைத்த இடத்தில்தான் குற்றம்.

கறுப்பு கூடாதென்றால் போகட்டும். அரக்கையே எடுத்து, சாயல் மாறாமல் இருட்டாக்கிக்கொண்டே போனாள். கறுப்புக்கு ஒரு படி முன்னால், காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு நிறத்தில் நின்றாள். எழுத்து எல்லாம் அதுதான். சாம்பலைத் தூக்கிவிட்டாள். அடையாள வரிக்குப் பின்னணியாக அகலமாக ஒரு மஞ்சள் பட்டை போட்டு, அதன்மேல் அந்த இருண்ட எழுத்தை வைத்தாள். ஒன்பதுக்கு மேல் காட்டியது. புது எட்டும் சேர்ந்த ஃபைலில், கலர்களை ஒவ்வொரு ஸ்லைடிலும் போய் மாற்றாமல், எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான தீமிலேயே மாற்றியதால் இருபத்தைந்தும் ஒரே நேரத்தில் மாறின. இப்போது முக்கியமான வரி மஞ்சளில்தான் இருந்தது, ஆனால் மஞ்சள் எழுத்தாக இல்லை, எழுத்துக்குப் பாயாக இருந்தது. அண்ணாச்சி கடைசி வரிசைக்குப் போய் நின்று, எல்லாம் தெரிவதாகக் கையைக் காட்டினார்.

ஓடவிட்டுச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். பதினேழாவது ஸ்லைடு திரையில் விழுந்தது.

ஆண், சுமார் முப்பத்தைந்து முதல் நாற்பது. ரயில் பாதை அருகே. அடியில் மஞ்சள் பட்டையில்: நீல முழுக்கைச் சட்டை. இடது கை மோதிர விரல் பாதி இல்லை.

ஆபிதா அந்த ஸ்லைடை அப்படியே நிறுத்திவைத்தாள். போன வருஷம் இதை அடித்தது அவள் கைதான். படிக்காமல், அர்த்தம் மனசில் ஏறாமல், எழுத்தைப் பார்த்து எழுத்தை அடித்த கை. அது எங்கேயோ உள்ளே தங்கியிருந்து சுவரில் வந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சமாதானம் அவளுக்கே எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அறுபது பேர் இருப்பார்கள். ஆபிதா பக்கவாட்டுச் சுவரோரம் நின்றாள். முன்வரிசையில் அதே இடத்தில் வள்ளித்தாய், மடியில் மஞ்சப்பை, நெற்றியில் திருநீறு. இல்லை என்று தெரிந்துகொண்டு போக வந்தவள் என்பதால் முகம் தெளிவாகவே இருந்தது. ஒவ்வொரு ஸ்லைடையும் உதட்டை அசைத்துப் படித்தாள். ஒன்பதாவதில் ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது. பன்னிரண்டாவதில் ஒரு கிழவர் கையைத் தூக்கினார். பதினேழாவது வந்தது.

வள்ளித்தாயின் உதடு நடுவில் நின்றது. அவள் எழுந்தாள். அழவில்லை. நேராகத் திரையிடம் போய், மஞ்சள் பட்டையில் கையை வைத்தாள். அவள் முதுகிலும் முந்தானையிலும் எழுத்துகள் விழுந்தன. இருட்டான நிழல் ஒன்று கையாகத் திரையில் விரிந்தது.

"கதிரடிக்கிற மிசின்ல போன வெரலு," என்றாள். "நோட்டீஸ்ல அதைப் போடாதீங்கன்னு நாந்தான் சொன்னேன். பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு." பிறகு திரும்பினாள். "போன வருசமும் இதே எடத்துலதான் உக்காந்திருந்தேன். இந்த வரி இல்லையே. இப்பதான் கெடச்சுதா?"

இசக்கித்துரை அண்ணாச்சி ஆபிதாவைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த வாரம்தான் தகவல் வந்தது என்று முடிந்துவிடும். அவர் கண் அதைத்தான் கெஞ்சியது. இன்னொரு விஷயமும் அவருக்குத் தெரியும். சட்டையையும் பையையும் முதல் கூட்டத்திலிருந்து ஒரு வருஷம்தான் வைத்திருப்பார்கள். யாரும் வராவிட்டால் அதே குழியில் புதைத்துவிடுவார்கள். நீலச் சட்டையைப் போன வாரம்தான் புதைத்தார்கள்.

ஆபிதா முன்னால் வந்தாள்.

"இருந்துச்சுக்கா. போன வருசமும் இருந்துச்சு. நாந்தான் வெள்ளையில மஞ்சளா எழுதியிருந்தேன். வெயில்ல தெரியல. நான் வந்து பாக்கல."

வள்ளித்தாய்க்கு அது புரிய நேரம் பிடித்தது. திட்டுவாள், அடிப்பாள் என்று ஆபிதா காத்திருந்தாள். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை. முந்நூற்று அறுபத்தைந்து தட்டு சோறு என்று மட்டும் மெல்லச் சொன்னாள். பிறகு அண்ணாச்சியிடம் கல்லறை நம்பரைக் கேட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆபிதா ஷட்டரைத் தூக்கிவிட்டு முதலில் சுவரைத்தான் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நாற்காலியைத் திருப்பிப் பழையபடி போட்டாள். பத்து மணிக்கு வள்ளித்தாய் வந்தாள். விரல் நகங்களில் செம்மண் அப்பியிருந்தது. வேறு கடை ஊரில் எத்தனையோ இருக்க, இங்கே ஏன் வந்தாள் என்று ஆபிதாவுக்கு விளங்கவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

மஞ்சப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நோட்டீஸில் இருந்த முகம் இதிலிருந்து வெட்டியதுதான். முழுப் படத்தில் உச்சிமாகாளி டிராக்டர் அருகே நீலச் சட்டையில் நின்றான். கேமராவைப் பார்த்து, போதும் எடுக்காதே என்கிற மாதிரி இடது கையை விரித்து நீட்டியிருந்தான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், ஒரு மொட்டை, சுண்டுவிரல். சுவரில் எப்படி விரிந்திருந்ததோ அப்படியே இருந்தது.

"பெருசா ஒரு போஸ்டர் அடிச்சுத் தா தங்கச்சி. ஊர்ல ஒட்டணும்."

"என்ன கலர்லக்கா?"

வள்ளித்தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"கறுப்புல போடு. எல்லாருக்கும் தெரியட்டும்."

ஆபிதா புதுப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைப் பின்னணி. எழுத்துக்குக் கறுப்பைத் தேர்ந்தெடுத்து, பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி என்று அடித்தாள். பிறகு எழுந்து, மானிட்டரை வாசல் பக்கம் திருப்பிவிட்டு, கடைக்கு வெளியே போய், ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வாசலில் வெயிலில் நின்றுகொண்டு, அங்கிருந்து தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது.